மொறிஸ் மைனரும் ஒப்புக்கொண்ட பெறுமதியும்

"அண்ணை, நான் லண்டனுக்கு வந்து எட்டு மாதம். 1968ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று வாங்கப் பார்க்கிறேன். 'அக்ரீட் வேல்யூ' காப்புறுதி எடுத்தால், கார் போனால் சொன்ன காசை அப்படியே தருவார்களா?"

தம்பி, தருவார்கள், ஆனால் அந்தத் தொகையை நிறுவனம் எழுத்தில் ஏற்றிருக்க வேண்டும். இணையத்தில் விலை கேட்கும்போது "பெறுமதி" என்ற கட்டத்தில் நீங்கள் நிரப்பும் தொகை உங்களுடைய மதிப்பீடு மட்டுமே. அதற்குப் பிறகு காரின் நான்கு பக்கமும், உள்பக்கமும், எஞ்சினும், மைல்மானியும் தெரியும் படங்களையும், பெரும்பாலும் மொறிஸ் மைனர் உரிமையாளர் கழகம் போன்ற ஒன்றின் மதிப்பீட்டுக் கடிதத்தையும் அனுப்ப வேண்டும். அவற்றைப் பார்த்து நிறுவனம் சம்மதித்த பின்னரே பொலிசி அட்டவணையில் அந்தத் தொகை "அக்ரீட் வேல்யூ" என்று அச்சாகும். அங்கே "மார்க்கெட் வேல்யூ" என்று இருந்தால், நீங்கள் என்ன நிரப்பியிருந்தாலும் பயனில்லை.

வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டில் பாருங்கள். காரை 5,000 பவுணுக்கு வாங்கி, அடித்தகட்டு வெல்டிங்குக்கும் பெயின்ற்றுக்கும் 4,000 பவுண் செலவழித்து, 9,000 பவுணை ஒப்புக்கொள்ள வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கார் களவு போய்க் கிடைக்காவிட்டால், நீங்களே ஏற்கவேண்டிய எக்ஸஸ் 100 பவுண் போக 8,900 கைக்கு வரும். சந்தைப் பெறுமதிப் பொலிசியாக இருந்தால், மதிப்பீட்டாளர் விளம்பரங்களைப் புரட்டி 6,000 என்று சொல்லக்கூடும். அதற்கு மேல் எவ்வளவு என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பாகிவிடும். இந்தத் தொகை முழு இழப்புக்கு உரியது. மட்காட் நசுங்கினால் திருத்தச் செலவு மட்டுமே கிடைக்கும். மதிப்பீட்டுக்குக் காலவரையறையும் உண்டு. அது முடிந்தும் புதுப்பிக்காவிட்டால், பல பொலிசிகள் சத்தமில்லாமல் சந்தைப் பெறுமதிக்குத் திரும்பிவிடும்.

கிளாசிக் எனப்படும் பழைய கார்களின் காப்புறுதிக் கட்டணம் மலிவாக இருப்பதற்குக் காரணம், கார் இரவில் பூட்டிய கராஜில் நிற்கிறது, குறைவாகவே ஓடுகிறது என்ற கணக்குத்தான். லண்டனில் 1930களில் கட்டிய வீட்டுக் கராஜ்கள் பலவற்றில் காரைத் தவிர மற்றச் சாமான் எல்லாம் இருக்கும். கார் உண்மையில் ட்ரைவ்வேயில் நிற்குமென்றால் அப்படியே சொல்லுங்கள். கட்டணம் சற்றுக் கூடலாம், ஆனால் இழப்பீடு கைவிட்டுப் போகாது. கராஜை வேறு தெருவில் வாடகைக்கு எடுத்தால் அந்த முகவரியைத் தனியாகக் கொடுங்கள். ஈரக் கராஜில் படியும் துருவுக்கு எந்தப் பொலிசியும் காசு தராது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

வருடத்துக்கு ஓடக்கூடிய மைல் எல்லையை 1,500, 3,000, 5,000 என்று தெரிவு செய்யச் சொல்வார்கள். வேலைக்குப் போய்வருவது பல பொலிசிகளில் சேர்த்தியில்லை. கவனக்குறைவாகப் பிழையான தகவல் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டம் வரையறுக்கிறது: சரியான தகவலுக்கு நிறுவனம் கூடிய கட்டணம் கேட்டிருக்குமென்றால், கட்டிய விகிதத்துக்கே இழப்பீட்டைக் குறைக்கலாம். 160 பவுண் கட்ட வேண்டிய இடத்தில் 120 கட்டியிருந்தால் முக்கால் பங்குதான்; 9,000 பவுண் 6,750 ஆகிவிடும், எக்ஸஸ் வேறு கழியும். காப்புறுதியே தந்திருக்க மாட்டோம் என்று நிறுவனம் காட்டினால், அல்லது தெரிந்தே பொய் சொன்னதாக நிறுவினால், ஒன்றும் கிடைக்காமல் போகலாம். வருட நடுவில் எல்லையை நெருங்கினால் முன்கூட்டியே அழைத்துக் கூட்டிக்கொள்ளலாம். இந்தக் காரில் வேகமானியின் கேபிள் அறுந்தால் மைல் எண்ணுவதும் நின்றுவிடும். அறுந்த திகதியையும் அன்றைய எண்ணையும் குறித்துவைத்து, புதுக் கேபிள் போட்ட ரசீதோடு சேர்த்து வைத்திருங்கள்.

உங்கள் நிலையில் தடை வேறிடத்தில் இருக்கிறது. இலங்கை லைசென்ஸில் இங்கே குடியேறிப் பன்னிரண்டு மாதம் வரைதான் ஓட்டலாம். அதை மாற்றித் தரமாட்டார்கள், சோதனை எழுதி ஓடித்தான் எடுக்க வேண்டும். கிளாசிக் காப்புறுதி நிறுவனங்கள் பலவும் முழுமையான பிரித்தானிய லைசென்ஸையும், அன்றாடப் பாவனைக்கு உங்கள் பெயரில் இன்னொரு காரையும் எதிர்பார்க்கும். 40 வருடம் கடந்ததால் வரியும், பெரிய மாற்றம் செய்யாத காருக்கு எம்ஓடி என்ற வருடாந்த வாகனத் தகுதிச் சோதனையும் இல்லை என்று விற்பவர் சொல்வது சரிதான். என்றாலும், முற்பணம் கொடுக்கும் முன் காரின் பதிவெண்ணைச் சொல்லி இரண்டு நிறுவனங்களிடம் தொலைபேசியில் விலை கேளுங்கள். இலங்கை லைசென்ஸோடு, வேறு கார் இல்லாமல் உங்களை ஏற்பார்களா என்பது அந்த அழைப்பிலேயே தெரிந்துவிடும்.