நான்கு எண்களில் எதை முதலில் அசைப்பது?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் புல்வெட்டி இயந்திரமும் மருந்தடிக்கும் பம்பும் விற்கிறேன். கையில் 40 கொட்டேஷன்கள் உள்ளன. சராசரித் தொகை 3,000 ரிங்கிட்; நான்கில் ஒன்று கைகூடுகிறது; முடிவு தெரிய 60 நாள் ஆகிறது. விற்பனை வேகச் சூத்திரப்படி நாளுக்கு 500 ரிங்கிட் வர வேண்டும், ஆனால் வருவதில்லை. கூப்பிடுகிற சிறு தோட்டக்காரர்கள் எல்லாரிடமும் போகவும் நேரமில்லை. எதை முதலில் மாற்றுவது? பதிவேட்டின் நகலை இணைத்துள்ளேன்.
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: சூத்திரத்தை நீங்கள் சரியாகவே போட்டிருக்கிறீர்கள்.

(கொட்டேஷன் எண்ணிக்கை × சராசரித் தொகை × வெற்றி விகிதம்) ÷ நாள்கள்

ஆனால் இந்தச் சூத்திரம் மட்டும் எந்த எண்ணை அசைப்பது என்று சொல்லாது. மேலே உள்ள மூன்றில் எதை 10% உயர்த்தினாலும் 500 என்பது 550 ஆகும். நாள்களை 10% குறைத்து 54 ஆக்கினால் ஏறக்குறைய 556 வரும். வேறுபாடு அவ்வளவுதான். எந்த எண் எளிதில் அசையும், அது அசையும்போது மற்ற எண்களை எங்கே இழுக்கும் என்பதை உங்கள் பதிவேடுதான் காட்ட வேண்டும்.

அந்தப் பதிவேட்டில் இரண்டு வியாபாரங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. 40 கொட்டேஷன்களில் 30 சிறு செம்பனைத் தோட்டக்காரர்களுக்கு, தலா சுமார் 1,000 ரிங்கிட். பத்தில் மூன்று முடிகின்றன, 50 நாளில். மீதி 10 பெரிய தோட்ட அலுவலகங்களுக்கு, தலா 9,000 ரிங்கிட்; பத்தில் ஒன்றுதான் முடிகிறது, அதற்கு 90 நாள். தனித்தனியே கணக்கிட்டால் முதல் வகை நாளுக்கு 180 ரிங்கிட், இரண்டாம் வகை 100, ஆக மொத்தம் 280. தோட்ட அலுவலகங்களின் பெரிய தொகையைச் சிறு தோட்டக்காரர்களின் நல்ல வெற்றி விகிதத்தோடு பெருக்கியதால்தான் இல்லாத 220 ரிங்கிட் தாளில் முளைத்தது. சராசரித் தொகையை எப்போதும் கைகூடிய விற்பனைகளிலிருந்து எடுங்கள், கொடுத்த கொட்டேஷன்களிலிருந்து எடுக்காதீர்கள்.

தோட்ட அலுவலகங்களின் வெற்றி விகிதத்தை இரட்டிப்பாக்கினால் 100 ரிங்கிட் கூடும் என்று தோன்றும். ஆனால் பத்தில் ஒன்று என்ற கணக்கு ஒரே ஒரு விற்பனையின் மீது நிற்கிறது. இன்னொன்று தற்செயலாகக் கிடைத்தாலே அது 20% ஆகிவிடும். அதை நம்பி இப்போது திட்டம் போட வேண்டாம். கிராணியிடம் கொட்டேஷன் கொடுக்கும்போதே ஒப்புதல் தோட்ட நிர்வாகி கையில் உள்ளதா, தலைமை அலுவலகத்துக்குப் போகுமா என்று கேட்டுக் குறித்து வைத்தால் போதும்.

சிறு தோட்டக்காரர்களின் 50 நாள்தான் நீங்கள் அசைக்க வேண்டிய எண். உங்கள் தேதிகளைப் பார்த்தால், அவர்கள் கூப்பிட்ட நாளுக்கும் கொட்டேஷன் கைக்குப் போன நாளுக்கும் இடையே மட்டும் இரண்டு வாரம் கழிந்திருக்கிறது. அது வாடிக்கையாளர் யோசித்த காலமன்று. நீங்கள் காக்க வைத்த காலம். இயந்திரத்தைக் காட்டப் போகும் அன்றே, அவர் வீட்டு வாசலிலேயே பில் புத்தகத்தில் இரண்டு மாடல்களின் விலையை எழுதிக் கிழித்துக் கொடுங்கள். பழம் விற்ற பணம் எந்த வாரம் வரும் என்று கேட்டு, அந்த வாரத்தில் கூப்பிடுங்கள். 50 நாள் 30 ஆனால், 180 ரிங்கிட் 300 ஆகும்.

இங்கே ஒரு மறைந்த பள்ளம் இருக்கிறது. புதிய விசாரிப்புகள் இப்போதுள்ள வேகத்திலேயே வந்துகொண்டிருந்தால், 20 நாள் முன்னதாக முடிகிற கொட்டேஷன்கள் கையைவிட்டுப் போய், 30 இருந்த இடத்தில் 18 தான் நிற்கும். 18 × 1,000 × 0.3 ÷ 30 மறுபடியும் அதே 180. நாளைக் குறைத்துவிட்டு, விற்பனை ஏன் ஏறவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான். உங்கள் நிலைமை வேறு, ஏனென்றால் நீங்கள் போக முடியாத அழைப்புகள் காத்திருக்கின்றன. மிச்சமாகும் நேரம் அவர்களிடம் போனால்தான் கணக்கு பலிக்கும்.

விலையைக் குறைத்து வெற்றி விகிதத்தை ஏற்றும் ஆசை வந்தால், தொகைக்குப் பதில் இலாபத்தைச் சூத்திரத்தில் வையுங்கள். 1,000 ரிங்கிட் இயந்திரத்தில் இலாபம் 200 என்றால், 100 ரிங்கிட் தள்ளுபடியில் பாதி போய்விடும். அதை ஈடுகட்ட 30% வெற்றி 60% ஆக வேண்டும்.

அடுத்த மூன்று மாதங்களுக்கு ஒவ்வொரு வகைக்கும் தனிப் பக்கத்தில், கூப்பிட்ட நாள், கொட்டேஷன் கொடுத்த நாள், முடிவு தெரிந்த நாள் மூன்றையும் எழுதுங்கள். பதிலே வராத கொட்டேஷனை, உதாரணமாக, 75 நாளுக்குப் பின் தோல்வியாக மூடிவிடுங்கள். நாள்கள் குறையும்போது கையிலுள்ள எண்ணிக்கை 30-ஐ ஒட்டியே நின்றால் வேகம் உண்மையிலேயே கூடுகிறது. அதுவும் சேர்ந்து சரிந்தால், அடுத்து அசைக்க வேண்டியது விசாரிப்புகளின் எண்ணிக்கை.