காரணம்-விளைவு, பிரச்சினை-தீர்வு: எந்தப் பத்தி எங்கே வரணும்?

போட்டித் தேர்வுக்குக் கட்டுரை எழுதுபவர்களின் தாள்களைப் பல வருடமாகத் திருத்துகிறேன். கேள்விகள் நிறைய வந்திருப்பதால் எல்லாவற்றுக்கும் 2019 சென்னைத் தண்ணீர்த் தட்டுப்பாட்டையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

"காரணம்-விளைவு கட்டுரையில காரணத்தை முதல்ல எழுதணுமா, விளைவையா?"

அதைவிட முக்கியம், உங்கள் காரணங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றனவா, தனித்தனியாக நிற்கின்றனவா என்பது. 2018 வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது, அதனால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் 2019 ஜூனில் கொள்ளளவில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போயின, அதனால் குழாய்த் தண்ணீர் குறைந்தது, அதனால் ஜனங்கள் லாரியையும் போர்வெல்லையும் நம்பினார்கள், அதனால் நிலத்தடி நீர் இன்னும் இறங்கியது. இது சங்கிலி. இதில் எந்த இரண்டு பத்தியை இடம் மாற்றினாலும் கட்டுரை உடையும், உடையத்தான் வேண்டும். மாற்றியும் ஒன்றும் ஆகவில்லை என்றால், நீங்கள் எழுதியது சங்கிலி இல்லை, பட்டியல்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் சுருங்கியது இந்தச் சங்கிலியில் சேராது, அது பல வருடமாக நடந்த தனிக் காரணம். நிறைய பேர் ஏரி வற்றியதற்கும் லாரிக்கும் நடுவில் அதைச் செருகிவிடுகிறார்கள், வாசகருக்கு அங்கேயே நூல் அறுந்துவிடுகிறது. நானாக இருந்தால் சங்கிலி முழுவதும் முடிந்த பிறகு, "ஒரே ஒரு மழைக்காலம் பொய்த்ததற்கு ஊர் ஏன் இவ்வளவு தவித்தது?" என்று கேட்டு அங்கே வைப்பேன். குடத்தோடு வரிசையில் நிற்கும் காட்சியில் தொடங்குவது உங்கள் விருப்பம், ஆனால் இரண்டாவது பத்தியில் மழைக்குத் திரும்பிவிடுங்கள்.

"அப்படின்னா பிரச்சினை-தீர்வும் இதே கட்டுரைதான், கடைசில ரெண்டு பத்தி தீர்வு சேர்த்தா போதும். சரிதானே?"

பாதி சரி. காரணங்கள் அங்கேயும் வரும், ஆனால் உங்கள் தீர்வு எதைத் தொடுகிறதோ அதற்கு மட்டும்தான் இடம். மழை பொய்த்ததை யாராலும் சரிசெய்ய முடியாது, அதற்கு ஒரு வாக்கியம் போதும். முன்பு கடைசியில் நின்ற சதுப்பு நிலம் இப்போது முன்னால் வந்துவிடும், ஏனென்றால் அதை மீட்கலாம். ஆறு பத்தி என்றால் பிரச்சினைக்கு ஒன்று, காரணத்துக்கு ஒன்று, மிச்சம் நாலும் தீர்வுக்கும் அதன் வரம்புகளுக்கும். நான் பார்க்கும் தாள்களில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கிறது.

அப்புறம், எதைத் தீர்வு என்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் திறன் அப்போது ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர், அதாவது நாற்பது ரயில். ரயிலைத் தீர்வுப் பத்தியில் வைத்தால் கட்டுரை பலவீனமாகும். "நிலைமை இவ்வளவு மோசமானது" என்று காட்டப் பிரச்சினைப் பத்தியில் வைத்தால் அதே தகவல் பலமாகும்.

"என் பொண்ணு ஒன்பதாவது. நாலு பிரச்சினை எழுதி, அப்புறம் நாலு தீர்வு எழுதினா. 'தொடர்பு இல்லை'னு மார்க் குறைச்சிட்டாங்க. எதுவுமே தப்பா எழுதலையே?"

தப்பாக எழுதியிருக்க மாட்டாள், தூரம்தான் சிக்கல். ஐந்தாவது பத்தியில் முதல் தீர்வு வரும்போது முதல் பிரச்சினை மறந்துபோயிருக்கும். ஒவ்வொரு பிரச்சினைக்கும் பக்கத்திலேயே அதன் தீர்வை வைத்து எழுதச் சொல்லுங்கள். ஒரே தீர்வு இரண்டு பிரச்சினையைத் தொட்டால் மட்டும் இந்த முறை சரிப்படாது. மழைநீர் சேகரிப்பு நிலத்தடி நீரையும் ஏற்றும், தெருவில் தேங்குவதையும் குறைக்கும், ஜோடி போட்டால் அதையே இரண்டு தடவை எழுத வேண்டிவரும். அப்போது பிரச்சினைகளைச் சேர்த்து வைக்கலாம், ஆனால் நாலு வேண்டாம், இரண்டு போதும்.

"ஒவ்வொரு பத்திக்கும் துணைத்தலைப்பு போட்டா மார்க் கூடுமா?"

இது வரிசை பற்றிய கேள்வி இல்லை. ஆனாலும், தலைப்பை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பத்திகள் ஒட்டவில்லை என்றால் தலைப்பு அந்த ஓட்டையை மூடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

"ஒத்துக்க மாட்டேன். தலையங்கத்துல தீர்வை முதல் பத்தியிலேயே சொல்றாங்களே?"

சொல்லலாம், வாசகருக்குப் பிரச்சினை ஏற்கெனவே தெரிந்திருந்தால். சென்னைவாசிக்குத் தட்டுப்பாட்டை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மழைநீர் சேகரிப்புதான் தீர்வு என்று தொடங்கினால் அடுத்த பத்தியிலேயே எதிர்க்கேள்வி வந்து நிற்கும்: தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியாயிற்று, பிறகும் 2019-ல் ஏன் வறண்டது? அதற்கு அங்கேயே பதில் சொல்லணும் என்பது என் கட்சி. கூடவே திருத்தும் நண்பர், அந்தப் பதிலை எல்லாத் தீர்வும் முடிந்த பிறகு கடைசிக்கு முந்தைய பத்தியில் வைக்கச் சொல்வார். அப்படி எழுதிய நல்ல தாள்களையும் பார்த்திருக்கிறேன், அதனால் இதில் ஒரே விடை என்னிடம் இல்லை.