கழுத்துக்குத் தனி கிரீம் வேண்டுமா?

குன்னூரிலிருந்து: முகத்துக்குப் போடுற கிரீமையே கழுத்துக்கும் போடலாமா அக்கா? கழுத்துல எண்ணெய்ச் சுரப்பியே கிடையாதாமே. அப்போ நெக் கிரீம் தனியா வாங்கினாத்தானே வேலை செய்யும்?

எண்ணெய்ச் சுரப்பி குறைவு என்பது சரி, ஆனால் அடியோடு இல்லாமல் இல்லை. அதனால் கழுத்து சீக்கிரம் வறண்டு போகும், சீக்கிரம் எரிச்சலும் படும். அதற்குத் தேவை கொஞ்சம் கெட்டியான மாய்ஸ்சரைசர்தான். நெக் கிரீம் டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். கிளிசரின், நியாசினமைடு, பெப்டைடு, சிலவற்றில் ரெட்டினால் இருக்கும். முகக் கிரீமிலும் இவையேதான்.

எண்ணெய்ப்பசை முகத்துக்கென்று நீர்த்த ஜெல் பூசுகிறவர் நீங்கள் என்றால், உறைபனி விழும் மாதங்களில் அது கழுத்துக்குப் போதாது. வாசனை சேர்க்காத சாதாரண கெட்டி கிரீம் ஒன்று வாங்குங்கள், விலை குறைந்ததே போதும். கழுத்தில் நரம்பு போல நெட்டுக்குத்தாக எழும் பட்டைகள் தோலுக்கு அடியிலுள்ள தசையினுடையவை. எந்தக் கிரீமும் அதுவரை போகாது.

கோத்தகிரியிலிருந்து: ரெட்டினால் 0.3 சதவீதம், முகத்துக்கு ஆறு மாசமா ஒத்துக்குது. போன வாரம் கழுத்துக்கும் இழுத்துப் பூசினேன். மூணாம் நாள் பக்கவாட்டுல சிவந்து அரிக்குது. நைட்ல மஃப்ளர் கட்டிட்டுத்தான் தூங்குவேன். அலர்ஜியா?

சிவப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணாடியில் பாருங்கள். மஃப்ளர் உரசும் பட்டையில் மட்டும் என்றால், பெரும்பாலும் அலர்ஜி இல்லை, எரிச்சல்தான். முகத்தோல் மெல்ல மெல்லப் பழகியது, கழுத்துத்தோல் பழகவில்லை. மெல்லிய தோலில் ஒரேயடியாகத் தினமும் பூசி, மேலே கம்பளியையும் சுற்றினால், மருந்து மூடப்பட்டு ஆழமாக இறங்கும், கம்பளியும் உரசும். பூசாத இடத்திலும் தடித்து வீங்கினாலோ, கொப்புளம் வந்தாலோ, அது வேறு. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது கழுத்தில் ரெட்டினாலை நிறுத்துங்கள். அரிப்பும் சிவப்பும் முழுதாக அடங்கும்வரை, தோராயமாக இரண்டு வாரம், கெட்டி மாய்ஸ்சரைசர் மட்டும். சென்ட்டும் வேண்டாம். அப்புறம் வாரத்தில் இரண்டு இரவு. முதலில் மாய்ஸ்சரைசர், அது காய்ந்தபின் அரைப் பட்டாணி அளவு ரெட்டினாலை முன்கழுத்து முழுவதும் மெல்லிசாக. அந்த இரவுகளில் மஃப்ளருக்குப் பதில் மெத்தென்ற பருத்தித் துணி. ஒரு மாதம் எரிச்சல் இல்லாமல் போனால் மூன்றாவது இரவு சேர்க்கலாம். நெஞ்சுக்கு இப்போதைக்குக் கொண்டுபோக வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ, முகத்திலும் ரெட்டினால் கூடாது.

கொடைக்கானலிலிருந்து: எனக்கும் கழுத்துப் பிரச்சினைதான் மேடம். பின்கழுத்து கறுத்து, வெல்வெட் மாதிரி தடிச்சிருக்கு. தேய்ச்சுக் குளிச்சும் போகல. எந்த நெக் கிரீம் நல்லது?

தேய்ப்பதை முதலில் நிறுத்துங்கள், அது இன்னும் கறுக்கவைக்கும். வெல்வெட் போன்ற இந்தத் தடிப்பு அக்குளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இது அழுக்கு இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது பலருக்கும் வருவது. கிரீமுக்குச் செலவழிக்கும் முன், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும் பார்த்துவிடுங்கள். எடையும் சர்க்கரையும் குறைந்தால் கறுப்பும் மெல்லக் குறையும். கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த வெள்ளையாக்கும் கிரீம் வாங்கிப் பூசாதீர்கள். கழுத்துத்தோல் அதில் இன்னும் மெலிந்து போகும்.

ஊட்டியிலிருந்து: கேரட் தோட்டத்துல வேலை. நெஞ்சுல சட்டைக் கழுத்து வடிவத்துலயே செவந்து கறுத்துப் போச்சு. இங்க வெயிலே இல்லையே, மேகம்தானே?

மேகத்தைத் தாண்டியும் புற ஊதாக் கதிர் வரும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடக்கூட அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும். ஊட்டி இருப்பது 2,200 மீட்டருக்கும் மேலே. குளிர் இருப்பதால் சுடுவது தெரியாது, அவ்வளவுதான். தாடை நிழல் விழும் இடம் வெளுப்பாகவே இருந்தால், காரணம் வெயில்தான் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம்.

உங்களுக்கு வேண்டியது நெக் கிரீம் அல்ல, சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல் வாங்குங்கள். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஆகும். திறந்த நெஞ்சுக்கு இன்னொரு விரல் நீளம் தனியாக எடுங்கள். முகத்தில் பூசி மீந்ததைக் கீழே தடவுவதுதான் பலரும் செய்வது, அது பாதிகூடத் தேறாது. வேர்த்து வேலை செய்வதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. அது முடியாத நாளில் காலர் பட்டன் வரை மூடிய சட்டையே மேல். படிந்த கறுப்பு மங்க மாதக்கணக்காகும். சிவப்பில் கொஞ்சம் நிரந்தரமாகவே தங்கலாம்.

குன்னூரிலிருந்து மறுபடி: அப்போ பெப்டைடு சுத்தமா வீணா அக்கா?

வீண் என்று அடித்துச் சொல்லமாட்டேன். நடந்த சோதனைகள் பலவும் சிறியவை, விற்பவர்களே செய்தவையும் உண்டு. முகக் கிரீமிலேயே பெப்டைடு இருந்தால் கீழேயும் இழுத்துப் பூசுங்கள். அதற்காகவே இன்னொரு டப்பா வாங்க நான் சொல்லமாட்டேன்.