ஜிபே ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது

கேள்வி: "ஐகான் பேக்குகளை அமெரிக்க மார்க்கெட்ப்ளேஸ் ஒன்றில் விற்கிறேன். 24 பிக்சல் கட்டம், 1.5 பிக்சல் கோடு, எல்லாம் ஒரே கை வரைந்த மாதிரி இருக்கும். இரண்டு வருட உழைப்பு. 640 ஐகானில் 180-ஐ ஒரு தம்பியிடம் கொடுத்து வரைய வைத்தேன். ஐகானுக்கு 60 ரூபாய், ஜிபேயில் கொடுத்துவிட்டேன். தொழிலையே நான்தான் கற்றுக்கொடுத்தேன். இப்போது என் ஸ்டைலில் அவன் தனி பேக் போட்டு விற்கிறான். என் பேக் மீதும் புகார் கொடுத்து எடுக்க வைத்துவிட்டான். கேஸ் போடலாமா?" (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: அந்தத் தம்பி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உரிமை மாற்றப் பத்திரம் உங்களிடம் இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் அந்த 180 ஐகானின் பதிப்புரிமை அவருடையது. சம்பள வேலையில் இருப்பவர் வேலையின் பகுதியாக வரைந்தால்தான் முதலாளிக்குப் போகும். பீஸ் கணக்கில் வரைந்தவர் உங்கள் ஊழியர் அல்ல. காசு கொடுத்து வரையச் சொன்னவருக்கே உரிமை என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்வது போட்டோ, பெயிண்டிங், உருவப்படம் போன்ற சிலவற்றுக்கு மட்டும். ஐகானை அதற்குள் நுழைக்க முயலலாம், ஆனால் அதை நம்பி வழக்கில் இறங்காதீர்கள். கொடுத்த 10,800 ரூபாய் வேலைக்கான கூலி, அவ்வளவுதான்.

ஸ்டைல் விஷயத்தை விட்டுவிடுங்கள். கோட்டின் தடிமனுக்கும் மூலை வளைவுக்கும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. வரைந்த வடிவத்துக்குத்தான் பாதுகாப்பு. நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே. நீங்களே வரைந்த 460-ல் எதையாவது அவர் எடுத்திருக்கிறாரா? இரண்டு எஸ்விஜி கோப்பையும் டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து `d="..."` என்ற பகுதியை ஒப்பிடுங்கள். தசமப் புள்ளி வரை எண்கள் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் நகல். நீங்கள் சரிசெய்ய மறந்த கோணல் புள்ளிகூட அங்கே அப்படியே வந்திருக்கும். அப்படிச் சில ஐகான் கிடைத்தால் பேச்சுவார்த்தையில் உங்கள் கை கொஞ்சம் ஓங்கும்.

இனி எனக்குப் பயமான விஷயத்துக்கு வருகிறேன். பேக்கைத் திரும்ப ஏற்ற கவுன்டர் நோட்டீஸ் கொடுக்கச் சொல்லி மார்க்கெட்ப்ளேஸ் மெயில் அனுப்பும். கோபத்தில் உடனே நிரப்பி அனுப்பிவிடாதீர்கள். அமெரிக்கச் சட்டப்படி, தவறுதலாக எடுத்துவிட்டார்கள் என்று நம்புவதாக, பொய்யானால் தண்டனை உண்டு என்ற உறுதிமொழியோடு அதில் கையெழுத்திடுகிறீர்கள். வெளிநாட்டில் இருப்பவர் அமெரிக்க ஃபெடரல் நீதிமன்ற வரம்புக்கு உட்படுவதாகவும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த 180 ஐகானும் உங்களுடையது இல்லை என்று தெரிந்த பிறகு எதை நம்பி அந்தக் கையெழுத்து? அதோடு, மார்க்கெட்ப்ளேஸில் சேர்ந்தபோதே 'எல்லாம் என் சொந்தப் படைப்பு, பிரச்சினை வந்தால் நஷ்டத்தை நானே ஈடு செய்கிறேன்' என்ற வகையில் ஒப்புக்கொண்டிருப்பீர்கள். அந்த ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பத்தியைப் படியுங்கள். உங்களிடம் வாங்கிய டிசைனர்கள் அந்த ஐகான்களை ஆப்களில் போட்டிருப்பார்கள்; அவர்களுக்குக் கொடுத்த லைசென்ஸும் 180-ஐப் பொறுத்தவரை ஆட்டம் காண்கிறது.

சரி, தம்பியைச் சமாதானப்படுத்தி ஒரு கடிதம் வாங்கிவிடலாம் என்று தோன்றும். என்னிடம் வந்தவர்கள் அதிகம் மாட்டிக்கொண்டது இங்கேதான். 'எல்லா உரிமையும் கொடுத்துவிட்டேன்' என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுவார்கள். பதிப்புரிமைச் சட்டம் 19-வது பிரிவில், காலம் சொல்லாவிட்டால் 5 வருடம், எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் விற்பதோ உலகம் முழுக்க, காலவரையின்றி. ஒரு வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு பெர்லினில் இருப்பவருக்கு விற்க உங்களுக்கு உரிமை இல்லை.

அதனால் பத்திரத்தில் 180 ஐகானின் பெயர்ப் பட்டியல், விற்கவும் மாற்றவும் லைசென்ஸ் கொடுக்கவும் உள்ள உரிமைகள், பதிப்புரிமை இருக்கும் காலம் முழுவதும், உலகம் முழுவதும், தொகை எவ்வளவு என்பதெல்லாம் இருக்கட்டும். இதுவரை நடந்த விற்பனைக்கு இனி உரிமை கோர மாட்டேன் என்றும், புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் எழுதி வாங்குங்கள். தேதி இன்றைய தேதியாகவே இருக்கட்டும். பழைய தேதி போட்டுக் கொடுத்த ஒருவரின் மெயில் தேதிகளே பின்னால் அவரைக் காட்டிக்கொடுத்தன.

கேஸ் வேண்டாம், பேசி முடியுங்கள். கூடுதல் தொகை கேட்டால், வக்கீல் செலவையும் பேக் முடங்கியிருக்கும் மாதங்களின் வருமானத்தையும் கூட்டிப் பார்த்துப் பேரம் பேசுங்கள். மறுத்தால் 180-ஐ நீக்கி, மீதி 460-ஐ மட்டும் புதிய பேக்காகப் போடுங்கள். நீக்கியதை நீங்களே வரைவதானால் வெற்றுக் கட்டத்திலிருந்து தொடங்குங்கள். அவர் கோப்பைக் கீழே வைத்து மேலே கோடு இழுத்தால் அதுவும் நகல்தான்.