சர்தாரை அடிச்சது யாரு?

"டர்பன் கரும்புத் தோட்டக் கதையை இங்கிலீஷ்ல இருந்து மாத்துறேன். அதுல சர்தார்னா தொழிலாளிகளை மேய்க்கிற மேஸ்திரி. 'சர்தார் அடிச்ச தொழிலாளியை ஒளிச்சு வெச்ச கிளார்க்'னு எழுதினேன். மூலத்துல அடிச்சது தொழிலாளி. எங்க தப்பு?"

'சர்தாரை'ன்னு ஐ போடுங்க, சரியாயிடும்: "சர்தாரை அடிச்ச தொழிலாளியை ஒளிச்சு வெச்ச கிளார்க்".

இங்கிலீஷ்ல 'ஹூ'வும் வார்த்தை வரிசையும் அடிச்சது யாருன்னு காட்டிடும், நம்ம 'அடிச்ச' தனியா நின்னா அடிச்சவரா அடிவாங்கினவரான்னு சொல்லாது, பக்கத்துல இருக்கிற உருபுதான் சொல்லணும், பேச்சுல 'கரும்பு வெட்டின ஆள்'னு உயிரில்லாத பொருளுக்கு ஐயை விடுற பழக்கத்துல மனுஷங்களுக்கும் விட்டிருப்பீங்க.

செக் பண்ண, 'அடிச்ச', 'ஒளிச்சு வெச்ச' மாதிரி ஒவ்வொரு எச்சத்தையும் தனி வாக்கியமாக்குங்க. தொழிலாளி சர்தாரை அடிச்சார். கிளார்க் தொழிலாளியை ஒளிச்சு வெச்சார். மூலத்தோட ஒத்துப்போகுதா பாருங்க.

ஆனா "கிளார்க் சாட்சி சொன்ன தொழிலாளி"ன்னா ஆதரவாவா எதிராவான்னு தெரியாது, அந்தச் சொல்லே எச்சத்துல காணாமப் போயிடுது. அங்க ஐ உதவாது, "கிளார்க் ஒரு தொழிலாளிக்கு எதிரா சாட்சி சொன்னார், அந்தத் தொழிலாளி..."ன்னு உடைச்சு எழுதுறதுதான் நல்லது.