யாரிடம் சாவி?

*அன்புள்ள ஐயா,*

*அலுவலகக் குழுவில் "ஹூ ஷுட் ஐ செண்ட் திஸ் டு?" என்று கேட்டிருந்தேன். மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னாலும் அதை "ஹூம்" என்று திருத்தினார். அன்றிலிருந்து எந்தக் கேள்வியையும் முதலில் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். யாரை, யாருக்கு, யாரிடம் என்று வந்தால் ஹூம். வெறும் யார் என்று வந்தால் ஹூ. நேற்று "ஹூம் வாண்ட்ஸ் டு ஜாயின்?" என்று அனுப்பினேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. என் வழி சரிதானே? சின்னக் கேள்விகளில் ஹூமை விட்டுவிடலாம் என்கிறார்களே, எங்கெல்லாம் விடலாம்? அமெரிக்க ஆங்கிலத்துக்கும் பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கும் இதில் வித்தியாசம் உண்டா?*

*எஸ்.*

அன்புள்ள எஸ்,

அமெரிக்கா, பிரிட்டன் கேள்வியை மறந்துவிடுங்கள். சின்னக் கேள்விகளைப் பொறுத்தவரை இரண்டு பக்கத்தாரும் பேச்சில் ஒரே மாதிரிதான். மூத்தவர் திருத்தியதையும் மறந்துவிடலாம். நீங்கள் எழுதியதும் சரி, அவர் மாற்றியதும் சரி. அவருடையது கொஞ்சம் விறைப்பு, உங்களுடையது இயல்பு, அவ்வளவுதான்.

என்னை உட்கார்ந்து பதில் எழுத வைத்தது நேற்று நீங்கள் அனுப்பிய செய்தி. அது அப்பட்டமான பிழை. யாரும் வாய் திறக்கவில்லை என்பதற்காக அது சரியாகிவிடாது. ஹூம் என்ற சொல்லைப் பார்த்தாலே பலருக்கு ஒரு பயம். தங்களுக்குத் தெரியாத ஏதோ விதி என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவார்கள். பிழை என்று தெரிந்தவர் கவனித்திருப்பார், மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டிருப்பார்.

எப்படி இந்தப் பிழை வந்தது என்று நன்றாகவே தெரிகிறது. "யாருக்குச் சேர விருப்பம்?" என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பீர்கள். யாருக்கு என்று வந்ததும் கை தானாக ஹூம் என்று அடித்திருக்கும். நானும் இதே குழியில் விழுந்தவன்தான்.

பள்ளியில் "ஹூ டிட் யூ மீட்?" என்று எழுதியதற்காக ஓர் ஆசிரியர் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றினார். யாரை என்றால் ஹூம், யாருக்கு என்றால் ஹூம், யாரிடம் என்றால் ஹூம் என்று வகுப்பு முழுவதையும் சேர்ந்து சொல்ல வைத்தார். அந்த வயதில் ஏறியது சும்மா இறங்குமா? பல வருடங்கள் கழித்து, முதல் வேலையில், ஒரு சனிக்கிழமை காலை கோப்பு அறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்டு எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டேன்: "ஹூம் ஹேஸ் த கீ?"

சாவி வந்தது. கூடவே, அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்த ஓர் அம்மாவும் வந்தார். ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் என் கேள்வியை எழுதி, அதற்குக் கீழே பதிலை என்னையே எழுதச் சொன்னார். "ஹி ஹேஸ் த கீ" என்று எழுதினேன். "ஹிம் ஹேஸ் த கீ என்று ஏன் எழுதவில்லை, தம்பி?" என்று கேட்டார். அப்படி யாரும் எழுத மாட்டார்களே என்றேன். அவர் மேலே கேள்வியில் இருந்த ஹூமின் கடைசி எழுத்தை மட்டும் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஆசிரியர் கற்றுக்கொடுத்த கணக்கு பாதி இடத்தில் சரியாக வரும், பாதி இடத்தில் காலை வாரும். காரணம் நம் மொழியில் இருக்கிறது. தமிழில் தெரியும், பிடிக்கும், வேண்டும், புரியும் போன்ற சொற்கள் வந்தால், அந்த அறிவோ ஆசையோ யாருடையதோ அவருக்கு நாம் ‘கு’ போட்டுவிடுகிறோம். எனக்குத் தெரியும், அவளுக்குப் பிடிக்கும், அவருக்கு வேண்டும். நம்மிடம் ஒரு பொருள் இருந்தால் ‘இடம்’ போடுகிறோம். முடியும் என்றால் ‘ஆல்’. ஆங்கிலம் இவர்கள் எல்லோரையும் எழுவாயாக உட்கார வைக்கிறது. ஐ நோ, ஷி லைக்ஸ், ஹி வாண்ட்ஸ், ஹி ஹேஸ். எனவே "யாருக்குத் தெரியும்?" என்பது "ஹூ நோஸ்?" "யாரிடம் பேனா இருக்கிறது?" என்பது "ஹூ ஹேஸ் எ பென்?" "யாரால் முடியும்?" என்பது "ஹூ கேன்?" இவற்றில் ஒன்றில்கூட ஹூமுக்கு இடமில்லை. ஆனால் "யாரிடம் கேட்டாய்?" என்றால், கேட்டவன் நீ, கேட்கப்பட்டவர் வேறு ஒருவர். அங்கே "ஹூம் டிட் யூ ஆஸ்க்?" இலக்கணப்படி பொருந்தும். தமிழில் இரண்டிலும் அதே ‘இடம்’தான். ஒரே உருபு ஓரிடத்தில் எழுவாய்க்கும் இன்னோரிடத்தில் செயப்படுபொருளுக்கும் வருகிறது என்றால், அதை வைத்து எப்படிச் சோதிப்பது? தயவுசெய்து அந்தத் தமிழ்ச் சோதனையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அந்த அம்மாவின் சோதனை கேள்வியைத் தொடவே இல்லை, பதிலைத்தான் பார்த்தது. அதுவும் ஆங்கிலத்திலேயே. பதிலில் ஹி வந்தால் கேள்வியில் ஹூ. பதிலில் ஹிம் வந்தால் கேள்வியில் ஹூம் போடலாம். ‘போட வேண்டும்’ என்று நான் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு சொல்லும் ‘ம்’ என்று முடிவது தற்செயல் அல்ல. பழைய ஆங்கிலத்தில் யார் என்பதற்கு ‘ஹ்வா’, யாரை என்பதற்கு ‘ஹ்வோனெ’, யாருக்கு என்பதற்கு ‘ஹ்வாம்’ என்று தனித்தனி வடிவங்கள் இருந்தன. அவனை என்பதற்கு ‘ஹினெ’, அவனுக்கு என்பதற்கு ‘ஹிம்’. காலப்போக்கில் ‘கு’ வடிவம் ‘ஐ’ வடிவத்தின் வேலையையும் எடுத்துக்கொண்டது. இன்றைய ஹிம், ஹூம் இரண்டும் அந்தப் பழைய நான்காம் வேற்றுமையின் மிச்சம்.

அப்புறம் ஹிம் உயிரோடு இருக்க, ஹூம் மட்டும் ஏன் மெலிந்தது? இந்த இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "ஹூ கால்ட் யூ?" "ஹூ டிட் யூ கால்?" உன்னை யார் அழைத்தது, நீ யாரை அழைத்தாய். இரண்டிலும் ஹூதான், ஆனாலும் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. இரண்டாவது கேள்வியில் ‘டிட்’டுக்குப் பின்னால் ‘யூ’ வந்து எழுவாயின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. முன்னால் நிற்கும் ஹூ செயப்படுபொருளாகத்தான் இருக்க முடியும். தமிழில் உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இடம் செய்துவிடுகிறது. ‘ம்’ அங்கே உபரி. அதோடு, வாக்கியத்தின் தொடக்கம் என்பது ஆங்கிலக் காதுக்கு எழுவாயின் இடம். அங்கே ஹூ என்று சொல்லத்தான் நாக்கு வரும். மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 1921இல் எழுதிய நூலில் "ஹூம் டிட் யூ ஸீ?" என்ற இதே மாதிரிக் கேள்வியை எடுத்துக்கொண்டு பல பக்கங்கள் ஆராய்ந்திருக்கிறார். இன்னும் ஓரிரு நூற்றாண்டில் மெத்தப் படித்த சட்ட அறிஞர்கூட இப்படிக் கேட்க மாட்டார் என்று கணித்தார். ஷேக்ஸ்பியர் அதற்கும் முன்னாலேயே, ஹாம்லெட்டின் வாயில் "பிட்வீன் ஹூ?" என்று ஒரு குட்டிக் கேள்வியை வைத்துவிட்டார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கேள்வியின் முதல் சொல் ஹூவா ஹூமா என்று வந்தால் ஹூ என்றே எழுதுங்கள், எப்போதும். "ஹூ டிட் யூ மீட்?", "ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?" நண்பருக்கு, சக ஊழியருக்கு, குழுவில், எங்கும் பாதுகாப்பு. ‘டு’, ‘ஃபார்’, ‘வித்’ போன்ற முன்னிடைச் சொற்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டால் ஹூமே தேவைப்படாது. ஒற்றைச் சொல் கேள்வியும் அப்படியே. "நேற்று ஒருவரைப் பார்த்தேன்" என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னால் "ஹூ?" என்று கேளுங்கள். "ஹூம்?" என்று கேட்டால் அவருக்கு நீங்கள் பாடம் நடத்துவது போல இருக்கும்.

இரண்டு சொல் கேள்வியில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். யாரோடு என்று கேட்க "ஹூ வித்?" என்றால் இயல்பு, "வித் ஹூம்?" என்றால் விறைப்பு, ஆனால் சரி. "வித் ஹூ?" அரட்டையில் செல்லும், குறிப்பாக ஒருவர் சொன்ன பெயர் சரியாகக் காதில் விழாமல் திருப்பிக் கேட்கும்போது. "ஹூம் வித்?" மட்டும் வேண்டாம். அது பேச்சும் இல்லை, ஏடும் இல்லை. மற்றபடி விண்ணப்பம், அலுவல் கடிதம் போன்றவற்றில் முன்னிடைச் சொல் முன்னால் வந்துவிட்டால், அதை ஒட்டி ஹூம்தான் வர வேண்டும்: "டு ஹூம்", "ஃபார் ஹூம்". இன்று அந்தச் சொல் உறுதியாகக் கால் ஊன்றி நிற்கும் இடம் அது.

ஒரு கண்ணி மட்டும் பாக்கி. நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களே இதில் மாட்டுகிறார்கள். "ஹூம் டு யூ திங்க் வில் வின்?" பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! ‘யூ’ எழுவாய் நாற்காலியில் இருக்கிறது, அதனால் முன்னால் ஹூம் வரலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அந்த ‘யூ’ நினைப்பதற்கு எழுவாய், ஜெயிப்பதற்கு அல்ல. நடுவில் இருக்கும் ‘டு யூ திங்க்’கை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். "ஹூம் வில் வின்?" பல்லில் கல் பட்ட மாதிரி இல்லையா? பதிலும் "ஹி வில் வின்" என்றுதானே வரும். எனவே ஹூ. தொலைபேசியில் பணிவாகக் கேட்பதாக நினைத்து "ஹூம் ஷல் ஐ ஸே இஸ் காலிங்?" என்பார்கள். அதிலும் ‘ஷல் ஐ ஸே’யை மறைத்தால் "ஹூம் இஸ் காலிங்" என்பதுதான் மிஞ்சும், அங்கேயும் ஹூதான் சரி. பணிவுக்கும் அந்த ‘ம்’முக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தேவையான இடத்தில் ஹூமை விட்டவரை எல்லோரும் சாதாரணமாகப் பேசுகிறவர் என்று எடுத்துக்கொள்வார்கள். தேவையில்லாத இடத்தில் போட்டவர் எழுதியது மட்டும் பிழையாகவே நிற்கும். எழுதும்போது சந்தேகமா, ஹூ போடுங்கள்.

நேற்றைய செய்தியை "ஹூ வாண்ட்ஸ் டு ஜாயின்?" என்று திருத்துங்கள். மூத்தவர் திருத்திய அந்தக் கேள்வியை அடுத்த முறை நீங்கள் எழுதியபடியே எழுதுங்கள். மறுபடியும் அவர் ஹூம் என்றால் வாதாட வேண்டாம், அவரும் ஏதோ ஒரு பெஞ்சு மேல் நின்றவராக இருக்கலாம்.