கிணற்றுத் தண்ணீரும் [7] என்ற இலக்கமும்

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணத்தில் இறுதியாண்டு ஆய்வு எழுதுகிறேன். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று பற்றியது. ஆய்வுச் சுருக்கத்தில் நாலு பேருடைய ஆய்வுகளை மேற்கோள் காட்டியிருந்தேன், மேற்பார்வையாளர் நாலையும் வெட்டிவிட்டார். பெயர் சொல்லாமல் அவர்கள் கண்டதை எழுதினால் களவு ஆகாதா? முடிவுரையிலும் இப்படித்தானா? இரண்டையும் அனுப்பியிருக்கிறேன்.

— இறுதியாண்டு மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

பல வருடங்களுக்கு முன் ஒரு வாசிகசாலையில் மாநாட்டுச் சுருக்கத் தொகுப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சுருக்கத்தில் “[7] இன் முறையைப் பின்பற்றி” என்று இருந்தது. யாரோ பென்சிலால் அந்த 7ஐச் சுற்றி வட்டம் போட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருந்தார்கள். தொகுப்பில் உசாத்துணைப் பட்டியலே கிடையாது. உங்களுக்கு நடந்ததன் காரணம் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. சுருக்கம் கட்டுரையை விட்டுத் தனியே பயணம் போகிறது. பப்மெட் போன்ற தரவுத்தளத்தில் பலர் அதை மட்டுமே வாசிப்பார்கள். பட்டியல் கூடப் போவதில்லை. அப்புறம் 250 சொல்லுக்குள் நாலு பெயரும் நாலு ஆண்டும் வந்தால், நீங்கள் வெயிலில் நின்று எடுத்த அளவீடுகளுக்கு இடம் எங்கே?

களவு பற்றிய பயம் நியாயமானது. ஆனால் சுருக்கம் உங்கள் கட்டுரையின் சுருக்கம். அந்த நாலு பேருக்கும் உரிய மேற்கோள் உள்ளே அறிமுகத்தில் இருக்கிறது. சுருக்கத்தில் அவர்கள் கண்டதை உங்கள் கண்டுபிடிப்புப் போல எழுதாமல், “முன்பே அறியப்பட்டது” என்று பிரித்துக் காட்டினால் போதும்.

நாலு வாக்கியத்தையும் ஒன்றாக்கிப் பார்ப்போம். ஒருவர் எத்தனை கிணறு பார்த்தார், இன்னொருவர் எந்த மாதத்தில் பார்த்தார் என்பதெல்லாம் வேண்டாம். நாலு பேரும் சேர்ந்து என்ன சொல்கிறார்கள், எதை விட்டுவிட்டார்கள்? உங்கள் அறிமுகத்தில் இருப்பதை வைத்து நான் இப்படி எழுதுவேன்: “வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீர் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுவது முன்பே அறியப்பட்டது, ஒரே கிணற்றில் அது மழைக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது என்பது தெளிவில்லை.” அடுத்த வாக்கியமே “இந்த ஆய்வில்” என்று தொடங்கட்டும்.

இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். மேற்கோள் இல்லாவிட்டால் வாசிப்பவர் இந்த வாக்கியத்தை நம்புவாரா? பல ஆய்வுகள் ஒத்துச் சொல்வது என்றால் நம்புவார். ஒரே ஒரு கட்டுரையின் தோளில் நிற்கும் எண் என்றால், அதன் இடம் அறிமுகம்.

விலக்கும் உண்டு. ஒருவருடைய ஆய்வை அப்படியே திரும்பச் செய்கிறீர்கள், அல்லது மறுக்கிறீர்கள் என்றால் அவர் பெயரில்லாமல் உங்கள் சுருக்கத்துக்கு அர்த்தமே இல்லை. அப்போது இலக்கம் போடாமல் ஆசிரியர், சஞ்சிகை, தொகுதி, பக்கம், ஆண்டு முழுவதையும் அடைப்புக்குள் எழுதிவிட வேண்டும். இயற்பியல் சஞ்சிகைகளில் இந்த வழக்கம் உண்டு. உங்கள் ஆய்வு அந்த வகை இல்லை.

சரி, முடிவுரை. அது கட்டுரையோடுதான் இருக்கிறது, பட்டியலும் பின்னால் இருக்கிறது. ஆகவே மேற்கோள் காட்டலாம். ஆனால் அதுவரை பேசாத ஓர் ஆய்வை அங்கே புதிதாகக் கொண்டுவராதீர்கள். ஒப்பிட வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் எடுத்து, உங்கள் முடிவு அதோடு ஒத்துப்போகிறதா, விலகினால் ஏன் என்று சொல்லுங்கள்.

உங்கள் முடிவுரையில் என்னை நிறுத்திய இடம் இதுதான்: “முந்தைய ஆய்வில் சராசரி 12 ஆக இருந்தது இப்போது 53 ஆக, நாலு மடங்குக்கு மேல் உயர்ந்துள்ளது.” நைத்திரேற்றை இரண்டு விதமாக அறிக்கையிடுவார்கள். சிலர் முழு நைத்திரேற்றின் நிறையைச் சொல்வார்கள், சிலர் அதிலுள்ள நைதரசனின் நிறையை மட்டும். நைதரசனாகச் சொன்னதை 4.43ஆல் பெருக்கினால்தான் மற்றது வரும். 12ஐப் பெருக்கிப் பாருங்கள், 53 வருகிறது. அந்த 12 நைதரசனாகச் சொல்லப்பட்டது என்றால், இத்தனை வருடத்தில் தண்ணீர் மாறவே இல்லை, அலகுதான் மாறியிருக்கிறது. இந்த “நாலு மடங்கு” உங்கள் சுருக்கத்தின் கடைசி வரியிலும் ஏறியிருக்கிறது. அங்கே மேற்கோளும் இல்லை, பார்க்கிற யாராலும் பிழையைப் பிடிக்க முடியாது. கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற வீட்டுக்காரர் அதை அப்படியே நம்புவார்.

இன்றைக்கே அந்தப் பழைய கட்டுரையை எடுத்து அட்டவணையின் தலைப்பைப் பாருங்கள். NO₃ என்று மட்டும் இருக்கிறதா, NO₃-N என்று இருக்கிறதா? தலைப்பில் தெரியாவிட்டால், அவர் குடிநீர் எல்லையாக 50ஐ வைத்திருக்கிறாரா, 10 அல்லது 11ஐ வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். 10 அல்லது 11 என்றால் அவர் பேசுவது நைதரசனைத்தான். பார்த்துவிட்டு எழுதுங்கள், அதற்குப் பிறகு கடைசி வரியைச் சேர்ந்து திருத்துவோம்.